ஒரு நாள் இல்லறம்

கூடி வாழ்தலே இல்லறம் என்பர். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கூடுவோர் நடத்துவது இல்லறமாகுமா?

கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. கோலாலம்பூரிலோ சனியும் ஞாயிறும். சுங்கை பட்டாணித் தமிழ்ப்பள்ளியில் மனைவி ஆசிரியை, தலைநகரில் கணவன் எழுத்தர் என்று கொள்வோம். இருவருக்கும் பொதுவாய் வாய்ப்பது சனிக்கிழமை ஒன்றே. வெள்ளி மாலை வேலை முடிந்து அவன் தொடர்வண்டி ஏறினால், வீடு சேர நள்ளிரவு நெருங்கிவிடும்.

மறுநாள் அவன் விருந்தாளி. அவனுக்குப் பிடித்த குழம்பு கொதிக்கிறது; தாய் வாரம் முழுதும் மறுத்த பொம்மை பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஒழுகும் குழாய், வீட்டுக் கடன் தவணை, மாமியாரின் மருத்துவச் செலவு ஆகியவற்றை, 'இருக்கும் ஒரு நாளைக் கெடுப்பானேன்' என்று இருவரும் ஒதுக்குகின்றனர். ஒதுக்கியவை புதன்கிழமை தொலைபேசியில் கோபமாய் வெளிப்படுகின்றன. 'அம்மா மறுத்தால் அப்பாவிடம் கேட்கலாம்' என்று பிள்ளை காத்திருக்கத் தொடங்குவதே நோயின் முதல் அறிகுறி.

இதற்கு மருந்து ஞாயிற்றுக்கிழமையில் உண்டு. அன்று அவளுக்குப் பள்ளி, அவனுக்கோ ஓய்வு. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, குழாயைச் செப்பனிட்டு, உலை வைத்து, அவள் வந்ததும் தவணைக் கணக்கை இருவருமாய்ப் பார்த்து முடித்து, மாலை வண்டியில் அவன் திரும்பலாம். அவள் நாள்தோறும் சுமப்பதன் எடை அன்றுதான் அவனுக்குப் புலனாகும். பிள்ளைக்கு அவள் விதித்த கட்டுப்பாட்டை அவளைக் கேளாமல் தளர்த்தவும் அவனுக்கு மனம் வராது.

ஆயினும், செவ்வாய் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஞாயிறு உதவாது. எனவே, இடமாற்றம் கேட்பவர் யார், எத்தனை ஆண்டுக்குள் என்பதையும் அவர்கள் முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும். முடிவு நாள் குறிக்கப்படாத பிரிவில், பிள்ளையோடு இருப்பவரே இருவர் கடமையையும் தனித்துச் சுமக்கிறார், அது அறமாகாது.