அண்ணாச்சியின் குடை



எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் 34 வருஷம் வேலை பார்த்து, ஒரு மே மாதம் 31-ஆம் தேதி ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, மிக்சர், காபி எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு எழுந்தவர் கால் மணி நேரம் பேசினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவர் பேத்திக்குத் தமிழ் தெரியாது. “தாத்தா என்ன பேசினார்னு அவளுக்குத் தெரியணும், இங்கிலீஷ்ல எழுதித் தாங்க” என்று மகன் என்னிடம் கேட்டான். செல்போனில் பதிவு இருந்தது. இரண்டு நாளில் முடிகிற வேலை என்று நினைத்தேன்.

முதல் படியை அனுப்பினேன். பன்னிரண்டு வயதுப் பேத்தி படித்துவிட்டு வீடியோ காலில் இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்று, தாத்தா ஆபீஸில் மத்தியானச் சாப்பாடு இலவசமா? இரண்டு, அந்தக் குடை அங்கிள் மேல் தாத்தாவுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

சாப்பாட்டுச் சங்கதி எளிது. “எனக்குச் சோறு போட்ட ஆபீஸ்” என்று அண்ணாச்சி சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தேன். ஆங்கிலத்தில் அது கேன்டீன் நன்றாக இருந்தது என்கிற மாதிரி ஆகிவிட்டது. நம் காதில் ‘சோறு போட்ட’ என்றாலே பிழைப்பும் கடமைப்பாடும் சேர்ந்து ஒலிக்கின்றன. ‘வேலை கொடுத்த’ என்று எழுதினால் பொருள் சரி, ஆனால் சோறு போய்விடுகிறது. “34 வருஷமாக என் வீட்டு உலையில் வெந்த அரிசியெல்லாம் இந்த வாசல் வழியாக வந்தது” என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் திருப்பி எழுதினேன். கொஞ்சம் நீளம்தான். அரிசி தப்பித்தது.

குடைதான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது. அண்ணாச்சி மேடையில் சொன்னது இது: “பத்து வருஷத்துக்கு முன்னாடி என் குடையை வாங்கிட்டுப் போய் இன்னைவரைக்கும் திருப்பித் தராத நம்ம ரெக்கார்ட் கிளார்க் தம்பிக்கும் என் மனமார்ந்த நன்றி.” பதிவில் அந்த இடத்தில் கைதட்டல் அடங்கவே அரை நிமிஷம் ஆகிறது.

என் ஆங்கிலத்தில் சொல் ஒன்றுகூடத் தப்பில்லை, வரிசைதான் புரண்டுவிட்டது. தமிழில் ‘வாங்கிட்டுப் போய்த் தராத’ என்கிற விவரமெல்லாம் ஆளுக்கு முன்னால் வந்துவிடுகிறது. கிண்டல் முதலில், ஆள் அடுத்து, நன்றி கடைசியில். கிள்ளிய இடத்தை அந்த நன்றி தடவிக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தை இலக்கணப்படி எழுதினால் நன்றி முன்னால் வருகிறது, அடுத்து ஆள், கடைசியில் திரும்பி வராத குடை. நன்றி சொல்வதுபோலத் தொடங்கிக் குத்திவிட்டு உட்காருகிற பேச்சு! தமிழில் ‘தம்பி’ என்ற சொல் வேறு கிண்டலை மெத்தையில் வைத்துக் கொடுத்திருந்தது. அதை நான் இளைய சகோதரர் என்று மாற்றி, குடும்பத் தகராறு ஆக்கியிருந்தேன்.

வாக்கியத்தை மூன்றாக உடைத்ததும் சரியானது. பத்து வருஷத்துக்கு முன் நம்ம ரெக்கார்ட் கிளார்க் பையன் என் குடையைக் கடன் வாங்கினான். குடை இன்னும் வரவில்லை. அவனுக்கும் என் மனமார நன்றி. ஆங்கிலத்திலும் இப்போது கடைசியில் கேட்பது நன்றிதான். குடையைப் பார்த்துச் சரிசெய்த பிறகு பேச்சு முழுவதையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். பாதி இடத்தில் இதே பிழை. பதிவை மறுபடி போட்டு, சிரிப்பு எழுந்த இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டுக்கு முந்தைய சொல் எதுவோ, அது ஆங்கிலத்திலும் கடைசியில் நிற்க வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு வகைச் சிக்கலும் இருந்தது. “பெத்தது எங்க அம்மா, எனக்குப் பிறந்தநாள் கொடுத்தது ஒண்ணாம் கிளாஸ் வாத்தியார். அந்தப் புண்ணியவான் ஜூன் ரெண்டுன்னு போட்டிருந்தா இன்னும் ஒரு மாசச் சம்பளம் வாங்கியிருப்பேன்” என்றார் அண்ணாச்சி. நமக்கு உடனே புரியும். அந்தக் காலத்தில் பிறந்த தேதியைக் குறித்து வைக்காத வீடுகள் அதிகம். பள்ளியில் சேர்க்கிறபோது வாத்தியார் பார்த்து ஜூன் 1 என்று எழுதிவிடுவார். அரசு வேலையில் வயது முடிகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு. ஒரு நாளில் ஒரு மாதம் போச்சு. இது பேத்திக்கு எப்படித் தெரியும்? முதலில் அடிக்குறிப்பு போட்டிருந்தேன். விளக்கம் சொன்னபிறகு யார் சிரிப்பார்கள்? பிறகு அந்த இரண்டு விஷயத்தையும் அண்ணாச்சியே போகிறபோக்கில் சொல்வதுபோல நகைச்சுவைக்கு முன்னால் இரண்டு சின்ன வாக்கியமாக வைத்தேன். அவர் சொல்லாததைச் சேர்த்தது தப்பு என்பார்கள் சிலர். அவர் கூட்டத்துக்கு அது முன்பே தெரிந்திருந்தது, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“வேலை இருந்தப்போ வேளைக்குச் சோறில்லை; இனி வேளைக்குச் சோறு, வேலை இல்லை” என்ற இடத்தில் லகர ளகர விளையாட்டு போயே போய்விட்டது. அழவேண்டியதில்லை. வாழ்க்கை தலைகீழாகிற வேடிக்கை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது, ஒலி இல்லாமலும் ஓரளவு சிரிப்பு வருகிறது.

நன்றிச் சொற்களைத்தான் நான் தயங்காமல் வெட்டினேன். நெஞ்சார்ந்த, மனமார்ந்த, இதயங்கனிந்த என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்லலாம். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே இதயத்தில் போய் விழுந்து, மூன்றாவது முறை வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடும். அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லியிருந்தார். தலைப்பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி, கேட்காமலே சட்டைப் பையில் 300 ரூபாய் திணித்தவர் ஒருவர். அந்த 300 ரூபாயை அப்படியே வைத்தேன், அடைமொழியை எடுத்துவிட்டேன். ‘மனமார’ என்பது ஒரே இடத்தில்தான் மிஞ்சியது. அது குடைக்காரருக்கு.

தொடக்கத்தில் வருகிற ‘அவர்களே, அவர்களே’ வரிசையையும் “நண்பர்களே” என்று ஒரே சொல்லில் முடித்தேன். திருத்திய படியைப் பேத்திக்கு அனுப்பும் முன் அண்ணாச்சியிடம் காட்டினேன். கோப்பு பார்க்கிற பழக்கம் போகவில்லை. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். குடையைப் படித்துச் சிரித்தார். வேலை, வேளை போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம் போட்டார். நான் சுருக்கிய வரிசையில் ஆபீஸ் கூட்டுகிற அம்மாவின் பெயரும் இருந்திருக்கிறது. ‘நண்பர்களே’ என்பதற்கு முன்னால் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஓரத்தில் சின்னதாக இனிஷியல் போட்டுத் தந்தார்.