ஸ்விட்சைத் தேடும் கை

மார்கழி மாதம், விடியற்காலை நாலரை மணி. கோலம் போட எழுந்த ஓர் அம்மா, வெந்நீர் வைக்கலாம் என்று சமையலறைக் கதவைத் திறந்தார். குப்பென்று காஸ் வாடை. உள்ளே கும்மிருட்டு. கதவுக்கு வலப்பக்கம், தோள் உயரத்தில் ஸ்விட்ச். நாற்பது வருடமாக அந்த இருட்டில் அந்த ஸ்விட்சைத் தேடிப் பழகிய கை தானாகவே மேலே போனது. பாதி வழியில் அவர் அதை இழுத்துக்கொண்டார்.

அந்தக் கை நின்றதால்தான் அந்த வீட்டில் ஐந்து பேர் இன்றும் இருக்கிறார்கள். காஸ் ஏஜென்சியில் இருபத்தாறு வருடம் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். அன்று காலை அந்த வீட்டைப் போய்ச் சோதித்தவனும் நான்தான். கை நிற்காத வீடுகளுக்கும் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததை எழுத மனம் வரவில்லை. அந்த நிலை உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த வீட்டில் நடந்தது மிகச் சின்ன விஷயம். முதல் நாள் இரவு விருந்தாளிகள். பத்து மணிக்கு யாரோ அவசரமாக அடுப்பைத் துடைத்திருக்கிறார்கள். துணி பட்டு, சின்ன பர்னரின் திருகு பாதி திரும்பியிருக்கிறது. வழக்கமாக அந்த அம்மா ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுப்பார். அன்று மட்டும் அடுக்களையை வேறொருவர் பார்த்துக்கொண்டதால் அது திறந்தே கிடந்தது. தீயில்லாத பர்னர் வழியே ஆறரை மணி நேரம் காஸ் சத்தமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

எவ்வளவு வந்திருக்கும்? பாதி திறந்த சின்ன பர்னருக்கு மணிக்கு அறுபது கிராம் என்று வைத்தாலும், விடிவதற்குள் ஏறக்குறைய 400 கிராம். 14.2 கிலோ சிலிண்டரில் இது கணக்கிலேயே வராத அளவு. ஆனால் இந்த காஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையில் படியும். பத்தடிக்கு எட்டடி சமையலறையில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு உள்ள காற்றை வெடிக்கும் கலவையாக்க, அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் இருந்தால் போதும். அதற்கு ஏறக்குறைய நூறு கிராம் போதும். அங்கே இருந்தது அதைப் போல நான்கு மடங்கு. காத்திருந்தது ஒரு பொறிக்காக மட்டும்தான்.

அந்தப் பொறி ஸ்விட்சுக்குள் இருக்கிறது. ஸ்விட்சைத் தட்டும்போது உள்ளே இரண்டு தகடுகள் தொடும் இடத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி பறக்கும். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் பறக்கும். அதனால்தான் சொல்கிறேன்: காஸ் வாடை வந்தால் எரிகிற விளக்கு எரியட்டும், ஓடுகிற மின்விசிறி ஓடட்டும். வாடையை வெளியேற்றலாம் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே போடாதீர்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். செல்போன் டார்ச் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் காலிங்பெல்லை அழுத்த வேண்டாம், கதவைத் தட்டச் சொல்லுங்கள். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் மட்டும் அணைக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த மெயின் ஸ்விட்சையும் தொடாதீர்கள். மின்சாரம் நின்ற நொடியில் இன்வெர்ட்டர் தானாக மாறிக்கொள்ளும், அந்த மாற்றத்திலும் பொறி உண்டு.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? அந்த அம்மா செய்ததையே சொல்கிறேன். ஸ்விட்சை விட்ட கை, இருட்டிலேயே மேடைக்குக் கீழே போய், சிலிண்டர் தலையில் இருந்த ரெகுலேட்டரின் திருகைத் தடவி மூடியது. ஒவ்வொரு இரவும் மூடிப் பழகிய கை என்பதால் அதற்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. அடுத்து, பின்கட்டுக் கதவை விரியத் திறந்தார். ஜன்னலைவிடக் கதவு முக்கியம். தரையில் கிடக்கிற காஸ், வாசற்படி வழியாகத்தான் வழிந்து போகும். பிறகு மற்றவர்களை எழுப்பினார். "யாரும் லைட்டைப் போடாதீங்க, அப்படியே வெளியே வாங்க" என்று மட்டும் சொன்னார். பூஜை அறையில் விளக்கு எரிகிறதா, கொசுவர்த்தி புகைகிறதா என்று மகனிடம் கேட்டார். நல்லவேளை, இரண்டும் இல்லை. எல்லாரும் தெருவுக்கு வந்த பிறகுதான் செல்போனை எடுத்து 1906-க்குப் பேசினார்கள். காஸ் கசிவுக்கென்றே இருக்கிற எண் அது. எந்த கம்பெனி சிலிண்டராக இருந்தாலும், நள்ளிரவானாலும் எடுப்பார்கள். அதை இப்போதே போனில் பதிந்துவையுங்கள்.

ரெகுலேட்டரை மூடிய பின்னும் சிலிண்டர் தலையிலிருந்து வாடை வந்தால், கசிவு வால்விலோ ரெகுலேட்டரிலோ இருக்கிறது. அப்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டரோடு வந்த வெள்ளை மூடியை வால்வின் மேல் அழுத்திப் போடுங்கள். அது நூலில் கட்டித் தொங்குவது இதற்காகத்தான்; தொந்தரவு என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். முடிந்தால் சிலிண்டரை நிமிர்த்தியபடியே திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள். ஆனால் இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. 'உஸ்' என்ற சத்தம் பலமாகக் கேட்டாலோ, வாடை மூச்சை அடைத்தாலோ, தரையில் வெண்பனி மாதிரி படர்ந்தாலோ உள்ளே போகவே கூடாது. ஆட்களை வெளியேற்றுங்கள், அக்கம்பக்கத்தாரை எச்சரியுங்கள், தீயணைப்புக்கு 101-ஐ அழையுங்கள். சிலிண்டரைக் காப்பாற்றப் போய் உயிரை விட வேண்டாம்.

இன்னொரு கைப்பழக்கம் இதைவிடக் கொடியது. "லீக் இருக்கான்னு பாக்குறேன்" என்று தீக்குச்சியைக் கிழிக்கும் கை. படித்தவர்கள் செய்து பார்த்திருக்கிறேன். கசிவைக் கண்டுபிடிக்க வேண்டியது சோப்புத் தண்ணீர் மட்டுமே. அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை நன்றாகக் கரையுங்கள். அடுப்பின் திருகுகள் எல்லாம் மூடியிருக்கட்டும், ரெகுலேட்டரைத் திறந்துவையுங்கள். பழைய பிரஷ்ஷால் நுரையைத் தடவிக்கொண்டே வாருங்கள்: ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடம், டியூப் ரெகுலேட்டரில் நுழையும் இடம், டியூபின் முழு நீளம், அது அடுப்பில் நுழையும் இடம். கசிவு இருந்தால் அங்கே குமிழி ஒன்றன்பின் ஒன்றாக ஊதிக்கொண்டு வரும். வந்தால் துணியைச் சுற்றியோ, எம்சீல் வைத்தோ சமாளிக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள்.

மூக்கை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். காஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. அழுகின முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம், நமக்குத் தெரியவேண்டும் என்றே சேர்க்கிற மெர்கேப்டன் என்ற மருந்தால் வருகிறது. வெடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசியும்போதே மூக்கில் ஏறும்படி அதைக் கலக்கிறார்கள். ஆனால் அதே அறையில் நின்றுகொண்டிருந்தால் சற்று நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நினைப்போம், காஸ் அங்கேயே இருக்கும். சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் முதலிலேயே தெரியாது. அதனால் வெளியிலிருந்து வருகிறவர் "என்னவோ நாறுதே" என்றால், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று தள்ளிவிடாதீர்கள். அவர் மூக்குதான் அப்போது சரியான மூக்கு.

புது சிலிண்டர் மாட்டும் நாள்தான் கசிவு அதிகம் தொடங்கும் நாள். கொண்டுவந்தவரை வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். முத்திரையை அவர் எதிரில் பிரித்து, மூடியை எடுத்து, வால்வின் வாய்க்குள் பாருங்கள். கறுப்பு ரப்பர் வாஷர் ஒன்று முழு வட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது இல்லாமலோ வெடித்தோ இருந்தால், ரெகுலேட்டர் சரியாக மாட்டியும் காஸ் கசியும். அந்த வாயில் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் வால்வே பழுது. இரண்டில் எதுவானாலும் மூடியைப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை. கூச்சப்பட வேண்டிய இடமில்லை.

மாட்டும்போது வீட்டில் எந்தத் தீயும் இருக்கக்கூடாது, சாமி விளக்கு உட்பட. ரெகுலேட்டரின் திருகு மூடிய நிலையில் இருக்கட்டும். அடியில் உள்ள வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் நேராக வைத்து, லேசாக இடவலமாக அசைத்து அழுத்துங்கள். வளையத்தை விட்டதும் 'க்ளிக்' என்று உட்கார வேண்டும். பிறகு மேலே இழுத்துப் பாருங்கள்; வரக்கூடாது. சுலபமாக உட்காராத ரெகுலேட்டரைச் சுத்தியலால் தட்டாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் பெரிய அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவது அதற்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு. அது கெட்டால் தீ மஞ்சளாகப் பாயும், அல்லது ரெகுலேட்டரே 'உஸ்' என்னும். ரிப்பேர் வேண்டாம், ஏஜென்சியில் மாற்றுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று வெளிக்கடையில் வாங்காதீர்கள்.

டியூபுக்கும் ஆயுள் உண்டு. உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அழகுக்காக அதன் மேல் துணி உறை போடாதீர்கள். எலி கடித்ததும், வெடிப்பு விட்டதும் உறைக்குள்ளே மறைந்துபோகும்.

நீங்கள் தனி வீட்டில் இருந்தாலும் உங்கள் சுவருக்கு அடுத்தது இன்னொருவருடைய சுவர்தான். அடுக்குமாடியில் உங்கள் தரை கீழ்வீட்டுக் குழந்தையின் கூரை. நீங்கள் மூடாமல் விட்ட ரெகுலேட்டருக்கு அவர்கள் விலை கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். இன்றிரவு சமையல் முடிந்து விளக்கை அணைத்த பிறகு, இருட்டிலேயே குனிந்து ரெகுலேட்டரைத் தடவிக் கண்டுபிடித்து மூடுங்கள். நாளைக்கும் அப்படியே செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், ஆண்களையும் சேர்த்து, செய்யச் சொல்லுங்கள். என்றாவது ஒரு விடியலில் இருட்டும் வாடையும் சேர்ந்து வந்தால், யோசிக்க நேரம் இருக்காது. கை எங்கே போய்ப் பழகியிருக்கிறதோ, அங்கேதான் போகும்.