எச்சில் இலை யார் கணக்கில்?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. லட்சக்கணக்கானோர் இரவெல்லாம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருகிறார்கள். விடிந்ததும் ஆரணி, வந்தவாசி, வேலூர் பேருந்துகளில் ஏறிப் போய்விடுகிறார்கள். பாதை ஓரம் சாம்பார் சாதம் ஒட்டிய தட்டுகள், பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள், கற்பூரக் கரி, நசுங்கிய மாலை, தேங்காய் நார், பிஸ்கட் உறை எல்லாம் கிடக்கின்றன. கையுறை மாட்டிக்கொண்டு, சாக்கோடு தன்னார்வலர்கள் இறங்குவது அப்போதுதான்.

அவர்கள் செய்வது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் அள்ளுவது வழக்கமாகிவிட்டால், போட்டவருக்கு அது அனுமதிச் சீட்டாகிவிடாதா? அடுத்த ஆண்டும் அந்த இளைஞர்கள் வருவார்கள் என்று தெரிந்தே தட்டை வீசுபவர் முன்னால், அந்தச் சேவைக்கு என்ன பொருள்?

கோயிலைச் சுத்தம் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர் சிற்பங்களில் உழவாரப்படையோடுதான் நிற்கிறார். அந்தப் பெயரிலேயே இன்றும் பல ஊர்களில் உழவாரப் பணிக் குழுக்கள் இயங்குகின்றன. ஆனால் அவர் செதுக்கி எறிந்தது பிராகாரத்தில் தானாக முளைத்த புல். அந்தப் புல்லுக்கு யாரும் பொறுப்பில்லை, அதை அகற்றியதால் யாருடைய கடமையும் குறைந்துபோகவும் இல்லை. கிரிவலப் பாதையில் கிடக்கும் தட்டு அப்படி முளைத்ததல்ல. அதை ஒருவர் விலைக்கு வாங்கினார், ஒருவர் அதில் சோறு வைத்துக் கொடுத்தார், ஒருவர் சாப்பிட்டார். மூன்று பேரின் கை பட்ட பொருள் அது. உழவாரப் பணி என்ற பழைய புண்ணியத்தை அப்படியே இதற்கும் சாற்றிவிடுவது அந்த மூவரையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவதாகும்.

மூவரில் பழி பெரும்பாலும் சாப்பிட்டவர் தலையில்தான் விழுகிறது. அது நியாயமில்லை. வெறுங்காலோடு, கையில் குழந்தையோடு, நெரிசலில் நடப்பவர் சாப்பிட்ட தட்டை எங்கே போடுவார்? இருக்கும் தொட்டி பொழுது சாய்வதற்குள் நிரம்பி வழிகிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பத்துக் கிலோமீட்டர் நட என்று அவரிடம் சொல்வது அறம் பேசுவதல்ல, வீம்பு. பார்க்க வேண்டியது சோறு போட்டவரை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரணியில் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து, வசூல் செய்து, வேனில் அண்டாக்களை ஏற்றிப்போய் 500 பேருக்குச் சாதம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டு ஒன்று 10 கிராம் என்றால் மொத்தம் 5 கிலோதான். ஆளுக்கு 50 கிராம் சோறு மிச்சம் வைத்தால் அது 25 கிலோ. ஆக 30 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம். சாப்பிட்ட இடத்திலேயே இரண்டு வாளி வைத்து, சோறு ஒன்றில், தட்டு ஒன்றில் என்று வாங்கினால், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சாக்கில் முடித்துவிடலாம். அதே 500 தட்டுகள் 200 மீட்டர் நீளத்துக்குச் சிதறி, மிதிபட்டு, பனியில் நனைந்து, சாக்கடையில் பாதி விழுந்த பிறகு அள்ள வேண்டுமென்றால் பத்துப் பேர் காலை முழுவதும் குனிய வேண்டும். தன்னார்வலரின் உழைப்பில் பெரும்பகுதி இப்படி இல்லாமலே போயிருக்கக்கூடிய வேலை.

சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை அதற்கென உரிமம் பெறாத இடத்தில் நடத்துவோர் 3 வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன. குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைப்பதும் நடத்துபவரின் பொறுப்பு என்றன. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. தீபத் திருவிழாவில் அன்னதானத்துக்கு மாவட்ட நிர்வாகம் முன் அனுமதி கேட்பதும், இடம் குறித்துக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். ஆனாலும் தானம் என்று வந்துவிட்டால் விதியைக் காட்டிக் கேட்பதற்கு நம் ஆட்களுக்குக் கூச்சம். சோறு போடுகிற மகராசனிடம் வாளி எங்கே என்று கேட்பது பாவமாகத் தோன்றுகிறது.

கல்யாணப் பந்தியில் இப்படி நடப்பதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் இலை எடுக்கப்படுகிறது. எடுக்காமல் கிடந்தால் அவமானம் விருந்து போட்டவருக்குத்தான். அங்கே இலை எடுத்தது பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைகள், பல இடங்களில் சாதியால் அந்த வேலைக்கென ஒதுக்கப்பட்டவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூலி பந்திச் செலவில் ஒரு வரியாக இருந்தது. கிரிவலப் பாதையில் அந்த வரியே இல்லை. அரிசி, பருப்பு, விறகு, வேன் வாடகை, ஃபிளக்ஸ் எல்லாம் எழுதப்படுகின்றன. எச்சில் இலை மட்டும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் கணக்கிலும், பிறகு தன்னார்வலர் கணக்கிலும் போகிறது. தானத்தின் புண்ணியம் ஓரிடத்தில் சேர்கிறது, அதன் செலவு வேறொருவர் முதுகில் ஏறுகிறது.

படையல் பொருட்கள் வேறு சிக்கல். சாமிக்குச் சாற்றிய பூவும் மாலையும் நிர்மாலியம். அதைக் கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம்: மரத்தடி, நந்தவனம், ஓடும் நீர். அந்த வழக்கம் உருவானபோது மாலை வாழைநாரில் கட்டப்பட்டிருந்தது. இன்று பல மாலைகளில் நைலான் நூல், ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் மணி. அதை ஆற்றில் விட்டால் பூ அழுகிக் கரையும், நூல் முள்ளில் சுற்றிக் கிடக்கும். ஆரணி வழியே போகும் கமண்டல நாகநதிக் கரையிலும் சரி, வேறெந்த ஆற்றங்கரையிலும் சரி, விதி ஒன்றுதான்.

அள்ளுபவர்கள் கை தயங்குவது இங்கேதான். விபூதிப் பாக்கெட்டில் அம்மன் படம், கற்பூர உறையில் பிள்ளையார். இதைக் குப்பைச் சாக்கில் போடலாமா? பூவுக்கு உள்ள மரியாதை வேறு, உறைக்கு உள்ளது வேறு என்பதே நியாயமான பதில். பூ வழிபாட்டில் கலந்தது. உறையில் இருக்கும் படம் வியாபாரத்துக்காக அச்சிடப்பட்டது. அதை எடுத்துப் போடுவதில் அபசாரம் இல்லை. சொல்லப்போனால், சாமி படத்தை மிதிபடும் பொருளின் மேல் அச்சிட்டவரிடம்தான் அபசாரம் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆக, அள்ளும்போதே குறைந்தது மூன்றாகப் பிரித்தாக வேண்டும். நூலை அறுத்து எடுத்த பூவும் இலையும், காய்ந்த சருகோடு கலந்து கிளறிவிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் உரமாகி நந்தவனத்துக்கே திரும்பும். நிர்மாலிய வழக்கம் கேட்பதும் அதுதான். உரமாகும் சாக்கைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்து அடியில் கருப்பு நீர் ஒழுகினால், சோறு அதிகமாகிக் காற்றுப் புகாமல் அழுகுகிறது என்று பொருள்; சருகு சேர்த்துக் கிளற வேண்டும். பாட்டிலுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. எண்ணெய் பட்ட தட்டும் பிஸ்கட் உறையும் எவருக்கும் வேண்டாதவை. சிமென்ட் ஆலைச் சூளை அல்லது குப்பைக் கிடங்குதான் அவற்றின் கதி.

விலை உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள இந்த வேறுபாடு பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு விளங்கும். பழைய புடவையின் ஜரிகையை எடைக்கு வாங்க ஆள் தேடி வருவார். வெள்ளி இருப்பதால் ஒரு துணுக்கும் தெருவில் கிடக்காது. விலை இருப்பது தானாகவே கைக்குப் போய்விடுகிறது. திருவிழாப் பாதையிலும் தன்னார்வலர் வருவதற்கு முன்பே பாட்டில் பொறுக்குகிறவர் வந்து போயிருப்பார். அவருக்குப் பாராட்டு விழாவும் இல்லை, படமும் இல்லை. மிச்சம் கிடப்பது விலையற்றது மட்டுமே, அதை எடுக்க அறம்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த அறம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்து ஒரே லாரியில் ஏற்றினால், குப்பை பாதையிலிருந்து கிடங்குக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மறுநாள் அந்தச் சாக்கைப் பிரிக்கப் போவது தூய்மைப் பணியாளரின் கை.

அப்படியானால் தன்னார்வலர் வரக்கூடாதா? வரத்தான் வேண்டும். நியாயம் கிடைக்கும் வரை மாடு காத்திருக்காது. சோறு ஒட்டிய பிளாஸ்டிக் பையைத் தின்ற மாட்டுக்கு அது இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு மழை பெய்தால் எல்லாம் வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகும். யார் போட்டது என்ற விசாரணை முடிந்த பிறகு அள்ளலாம் என்பது அறம் அறியாத பேச்சு.

1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன காந்தி, கழிப்பிடங்கள் நாறிக் கிடந்ததைப் பார்த்துத் தொண்டர்களிடம் சொன்னார். அது தோட்டியின் வேலை என்றார்கள். அவரே துடைப்பம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் கூட்டம் பெரிது, கழிப்பிடங்கள் குறைவு, அடிக்கடி சுத்தம் செய்வது தம்மால் முடியாமல் போயிற்று, தமக்கு வேண்டியதை மட்டும் சுத்தம் செய்துகொண்டு நிறுத்திக்கொண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். ஒருவரின் துடைப்பத்துக்கு எல்லை உண்டு என்று தெரிந்துகொள்வதும் தொண்டின் ஒரு பகுதி. அதன் பிறகு பேச வேண்டியது ஏற்பாட்டைப் பற்றி.

திருவிழாவின் ஏற்பாட்டில் தன்னார்வலருக்கு உரிய நேரம் மறுநாள் காலை அல்ல, முந்தைய நாள் மாலை. பத்துப் பேர் காலையில் குனிவதைவிட, இரண்டு பேர் அன்னதானப் பந்தல் ஓரம் வாளியோடு நின்று தட்டை வாங்கினால் பலன் அதிகம். அந்த வேலைக்குப் படம் வராது. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் எச்சில் தட்டை வாங்கும் வேலை அது; மரியாதை குறைந்ததாக இன்னும் பலர் நினைக்கிறார்கள். காலையில் அள்ள வருபவர்களும் அள்ளியதை வெறுமனே எடைபோட்டு அறிவிப்பதை விட, எந்தப் பந்தலுக்கு முன்னால் எவ்வளவு கிடந்தது என்று எழுதி மாநகராட்சியிடம் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு அனுமதி தரும்போது அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்வது அதிகாரிகளின் வேலை.

வரும் தீபத்துக்கோ பௌர்ணமிக்கோ சோறு போட வசூல் செய்கிறவர்கள் செலவுப் பட்டியலில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: இலை எடுக்க இரண்டு ஆளுக்குக் கூலி, திரும்பும் வேனில் சாக்குகளுக்கு இடம். பணம் போதவில்லை என்றால் 500 பேருக்குப் பதில் 400 பேருக்குப் போடுங்கள். தட்டு மந்தாரை இலையாக இருக்கட்டும்.