காரணம் கூறும் பலகை

மருத்துவமனை வாயில்களில் நாம் வழக்கமாகக் காணும் அறிவிப்பு இது: "பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை மட்டும். பிற நேரங்களில் உள்ளே வரக் கூடாது. வெளி உணவுக்கு அனுமதி இல்லை. மீறுவோர் வெளியேற்றப்படுவர்." ஒவ்வொரு வரியிலும் கட்டளை உண்டு, எதிலும் காரணம் இல்லை. இதையே காரணங்களோடு, கனிவாக எழுதினால் சொற்கள் மட்டும்தான் மாறுமா? கட்டளையிடுபவருடைய கடமையும் சேர்ந்து மாறுமா? எழுதிப் பார்த்தால் விளங்கும்.

முதலில் உணவைப் பற்றிய வரி. "அறுவைச் சிகிச்சைக்காகச் சிலர் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார்கள். வயிற்றில் உணவு இருந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே எதையும் ஊட்டும் முன் செவிலியரைக் கேளுங்கள்." இப்போது கஞ்சித் தூக்கோடு வந்த தாய், தன் அன்பைத் தடுத்தது யாருடைய கடுமையும் அன்று என்பதை உணர்கிறாள். அதோடு, தடையே சுருங்கிவிட்டதையும் கவனியுங்கள். "கூடாது" என்பது "கேளுங்கள்" ஆயிற்று. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திராத மகனுக்குக் கஞ்சி கொடுக்க வழி பிறந்தது. காரணத்தைச் சொன்ன அக்கணமே விதியின் எல்லையும் தெரிந்துவிடுகிறது.

காலை நேரத் தடைக்கும் நேர்மையான காரணம் உண்டு. "காலையில் மருத்துவர் கட்டில்தோறும் வருகிறார், புண்களுக்குக் கட்டு மாற்றப்படுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருடைய உடலும் நோயும் பிறர் முன் வெளிப்படாதிருக்க, அந்நேரத்தில் வெளியே காத்திருங்கள்." இதைப் படிப்பவர் தம்மையும் அந்தக் கட்டிலில் வைத்துப் பார்ப்பார்.

ஆனால் "4 முதல் 6 வரை மட்டும்" என்ற வரிக்கு வரும்போது பேனா தயங்குகிறது. ஏன் இரண்டே மணி நேரம்? "கிருமி பரவும்" என்று எழுதுவது எளிது. பிரேசில் நாட்டில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஒன்றரை மணி நேரத்துக்குப் பதிலாக, நெருங்கிய உறவினருக்கு முன்கூட்டியே விளக்கம் அளித்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை உடனிருக்க அனுமதித்தார்கள். நோய்த்தொற்று குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. உறவினரின் மனக்கலக்கம் குறைந்தது. நெரிசல் மிக்க நம் பொது வார்டுகளுக்கு இம்முடிவு அப்படியே பொருந்தாதுதான். எனினும், கிருமியைக் காட்டி எந்நேரத் தடையையும் நியாயப்படுத்த முடியாது என்பது தெளிவு. உண்மைக் காரணம் செவிலியர் பற்றாக்குறையானால், அதையே எழுத வேண்டும். இனிய சொற்களால் போர்த்திய பொய்க் காரணம் வெறும் கட்டளையைவிடத் தாழ்ந்தது; ஏனெனில் அது கீழ்ப்படிதலோடு நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். 2023 மே மாதம் அங்கே மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் நஞ்சு உடனே முகம் காட்டாது. குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழிந்த பிறகே பார்வை மங்கி, மூச்சு வாங்கும். அதுவரை நலமாகத் தோன்றுபவரும் உடனே சிகிச்சை பெற்றாக வேண்டும். எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார், உடன் குடித்தவர் யார் யார் என்பதை அறிந்தவர் நோயாளியின் மனைவியோ தம்பியோதான். இத்தகைய நாளில் "மாலை நான்கு மணிக்கு வா" என்று ஒரு காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பினால், மருத்துவருக்குத் தேவையான செய்தியும், வீட்டிலே படுத்திருக்கும் இன்னொருவருடைய உயிரும் வாயிலுக்கு வெளியே நின்றுவிடக் கூடுமன்றோ?

சட்டம் என்பது பொதுநலனுக்காக அறிவு வகுக்கும் ஒழுங்கு என்றார் அக்குவினா நகர்ப் புனித தோமா. சட்டத்தின் எழுத்தைப் பின்பற்றுவது அந்நலனுக்கே கேடாகும் வேளையில், எழுத்தை விட்டு அதன் நோக்கத்தைக் காப்பதே நற்பண்பு என்றும் அவர் கற்பித்தார். ஆனால் நோக்கத்தை அறியாத காவலர் அதை எப்படிக் காப்பார்? அவர் கையில் இருப்பது எழுத்து மட்டுமே. ஆகவே காரணங்கள் பார்வையாளருக்காக மட்டும் அல்ல, வாயிலில் நிற்பவருக்காகவும் எழுதப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவற்றை வாயால் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் அவரே.

எல்லாக் கட்டளைக்கும் விளக்கம் வேண்டுமென்பதில்லை. தீப்பற்றிய இடத்தில் "வெளியேறுங்கள்" என்பதே போதும். நோயாளியின் உறவினருக்கோ, வாயிலில் காத்திருக்கும் நேரம் நீண்டது.

எஞ்சியிருப்பது கடைசி வரி. "மீறுவோர் வெளியேற்றப்படுவர்" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "உப்பளத்திலும் கடலிலும் வேலை செய்வோர், தொலைவிலிருந்து பேருந்தில் வருவோர் இந்நேரத்துக்கு வர இயலாமற்போகலாம். நோயாளியைப் பற்றி மருத்துவர் அறிய வேண்டிய செய்தியும் உங்களிடம் இருக்கலாம். காவலரிடம் சொல்லுங்கள், அவர் செவிலியரை அழைப்பார்." இதை எழுதிய மருத்துவமனை, காவலர் அழைக்கும்போது வரக்கூடிய செவிலியர் ஒருவரையும் வைத்திருக்க வேண்டும். கனிவான சொல், சொன்னவரையே கடமைக்கு உள்ளாக்குகிறது.