நூற்றுக்கு இரண்டும் ஆண்டுக்கு ஏழரையும்

கூட்டு வட்டியை முதன்முதலாகக் கேட்பவருக்குப் பத்து நிமிடத்தில் விளக்கச் சொன்னால், பலர் சூத்திரத்தில் தொடங்குவார்கள். சிலர் சதுரங்கக் கட்டத்தில் இரட்டிப்பாகும் தானியக் கதையைச் சொல்வார்கள். கதை வியப்பைத் தரும், கணக்கைத் தராது. கோவை கணபதியில் மகளிர் குழுக் கூட்டத்திலோ பட்டறை டீ நேரத்திலோ பேசுகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது வேறொன்று. வட்டியை இங்கே எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான் அது.

சத்தி ரோட்டுப் பக்கத்துத் தெருக்களில் பவுண்டரியிலும் லேத் பட்டறையிலும் மோட்டார் வைண்டிங்கிலும் உழைப்பவர்களிடம் வட்டி என்றால், நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24. அஞ்சலகத்தில் எழுதியிருக்கும் 7.5 சதவீதமோ ஆண்டுக் கணக்கு. மாதமாக்கினால் நூற்றுக்கு அறுபத்திரண்டரை காசுதான். இதைச் சொல்லாமல் "ஏழரை சதவீதம்" என்று ஆரம்பித்தால் கேட்பவர் மனதில் ஏழரை வட்டி ஓடும். அதன் பின் நாம் எழுதும் ஒவ்வொரு எண்ணும் அவருக்குப் பொய்யாகத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கேள்வி எதுவும் வராமல் தலை மட்டும் ஆடும். அதனால் முதல் இரண்டு நிமிடத்தை இந்த அளவை மாற்றத்துக்கே கொடுத்துவிடுவேன்.

அடுத்த நான்கு நிமிடம் ஒரே ஒரு திட்டம், ஒரே ஒரு தொகை. கிசான் விகாஸ் பத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1988-இல் தொடங்கி, நடுவே நிறுத்தப்பட்டு, 2014-இல் மீண்டும் வந்த அஞ்சலகத் திட்டம் இது. 2023 ஏப்ரல் முதல் 7.5 சதவீதம். வாங்கும் அன்றைய வட்டி விகிதம் கடைசிவரை மாறாது. வட்டியை நடுவில் கையில் தராமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போவதால் விளக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 10,000 என்று எழுதுகிறேன். முதல் ஆண்டு வட்டி 750. இரண்டாம் ஆண்டு 10,750-க்கு வட்டி 806 ரூபாய் 25 காசு. இங்கே நிறுத்திவிட வேண்டும். கூடுதலாக வந்த 56 ரூபாய் 25 காசு எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகக்கூடாது. அது போன வருடத்து 750-க்கு வந்த வட்டி. விஷயம் முழுவதும் இந்த 56 ரூபாய்க்குள் இருக்கிறது, மீதியெல்லாம் இதன் தொடர்ச்சி. மூன்றாம் ஆண்டு வட்டி 867, ஐந்தாம் ஆண்டு 1,002, பத்தாம் ஆண்டு 1,438 என்று போகும். ஆண்டுகளைத் தாண்டித் தாண்டி எழுதினால் போதும்.

இந்த இடத்தில் பேசுகிறவர் ஒளிக்கக்கூடாத ஒன்று உண்டு. ஐந்தாம் ஆண்டு முடிவில் தொகை 14,356. வெறும் தனி வட்டியாக இருந்திருந்தால் 13,750. ஐந்து வருடம் காத்திருந்ததற்குக் கிடைத்த வித்தியாசம் 606 ரூபாய்தான். அதே விகிதம் முப்பது ஆண்டு நீடித்தால் 87,550, தனி வட்டியில் 32,500. பேச வருபவர்கள் பலரும் இந்த முப்பதாம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் மூன்றாம் வருடம் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்ப்பவர் ஏமாந்துபோய் எடுத்துவிடுவார். முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காதது போலத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை மட்டுமல்ல, பணத்தைக் காப்பதும் அதுதான்.

பிறகு இரட்டிப்பு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சியோலியின் கணித நூலிலேயே உள்ள பழைய வழி இது. 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அதாவது 115 மாதம். கிசான் விகாஸ் பத்திரம் இரட்டிப்பாகும் என்று அஞ்சல் துறை சொல்வதும் 115 மாதம்தான். தனி வட்டியாக இருந்தால் 160 மாதம் ஆகியிருக்கும்.

இதை எழுதி முடித்த ஒரு கூட்டத்தில், வைண்டிங் வேலைக்குப் போகும் ஓர் அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இது எங்களுக்குத் தெரிஞ்ச கணக்குத்தானுங்க. ரெண்டு வட்டிக்கு வாங்கிட்டு ஒழுங்காக் கட்டலீன்னா மூணு வருசத்துல ரெண்டு மடங்காயிருமுங்க."

சரியான கணக்கு. 72-ஐ 24-ஆல் வகுத்தால் 3. மாதம் 2 சதவீதம் கட்டாமல் சேர்ந்துகொண்டே போனால் 10,000 ரூபாய்க் கடன் 36 மாதத்தில் சுமார் 20,400 ஆகிறது. ஒன்றுமே தெரியாதவர்கள் என்று நினைத்து நாம் விளக்கப் போகும் விஷயத்தை அவர்கள் எப்போதோ பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள், கொடுக்கிற பக்கத்தில் நின்றபடி. அந்த அறிவை வாங்குகிற பக்கத்துக்குத் திருப்புவது மட்டுமே நம் வேலை. அன்றிலிருந்து என் பத்து நிமிடத்தில் கடன் முன்னால் வந்துவிட்டது. அளவை மாற்றத்தைச் சொல்லும்போதே கடன் கணக்கையும் எழுதிவிடுகிறேன், சேமிப்பு அதன் கீழே வருகிறது. இரண்டு கணக்கிலும் பெருக்கல் ஒன்றுதான். ஆண்டுகள் யாருக்காக வேலை செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

கடைசி நிமிடங்களில் கூட்டு வட்டி எங்கே அறுந்துபோகிறது என்று காட்ட வேண்டும். அஞ்சலகத்தின் ஐந்தாண்டு டைம் டெபாசிட்டுக்கும் 7.5 சதவீதம்தான். ஆனால் அதன் வட்டியை ஆண்டுதோறும் கொடுத்துவிடுவார்கள். வாங்காமல் அப்படியே விட்டாலும் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது, சேமிப்புக் கணக்குக்கு வந்தால் அங்கே 4 சதவீதம். விகிதம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். "வட்டியைக் கையில் தருவீங்களா, அசலோட சேப்பீங்களா?" என்று கவுன்ட்டரில் கேட்கப் பழகினால் போதும். பத்திரத்திலும் இரண்டரை ஆண்டுக்கு முன் பொதுவாகப் பணத்தை எடுக்க முடியாது, வட்டிக்கு வருமான வரியும் உண்டு. விலைவாசி ஏறுவதால் இரட்டிப்பான பணம் இரட்டிப்புப் பொருளை வாங்கித் தராது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே கையில் 10,000 இருந்து, ரெண்டு வட்டிக்கு 10,000 கடனும் இருக்கிறவருக்கு எந்தத் திட்டத்தையும் நான் சொல்வதில்லை. பத்திரம் ஆண்டுக்கு 750 தரும், கடன் 2,400 எடுக்கும். முதலில் கடனை அடைக்க வேண்டும். அடைத்த மறு மாதம் முதல், வட்டியாகப் போய்க்கொண்டிருந்த அந்த 200 ரூபாயை அஞ்சலக ஆர்.டி.யில் போடலாம். 6.7 சதவீதத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்ந்து, ஐந்து ஆண்டில் கட்டிய 12,000 சுமார் 14,270 ஆகும். கடனை அடைக்காமல் இருந்திருந்தால் அதே 12,000 வட்டியாகப் போயிருக்கும், அசல் 10,000 அப்படியே நின்றிருக்கும்.