பேச வந்தவருக்கு முன்னால் பேசுகிறவர்

பொதுக்கூட்ட மேடையில் மிகவும் சங்கடமான வேலை எதுவென்று கேட்டால், சிறப்புப் பேச்சாளரை அறிமுகம் செய்வதைத்தான் சொல்வேன். வரவேற்புரைக்காரர் பேசும்போது கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. நன்றியுரைக்காரர் எழும்போது கலையத் தொடங்கியிருக்கும். நடுவில் நிற்கிற அறிமுகக்காரரைக் கேட்க ஒருவரும் வரவில்லை. ஆனால் பேச்சாளரை எதிர்த்துக் குரல் கொடுக்க வந்தவர்களுடைய முதல் கூச்சல் அவர்மேல்தான் விழும், ஏனென்றால் அந்தப் பெயரை மைக்கில் முதலில் சொல்கிறவர் அவர். பத்தாண்டுகளுக்கும் மேலாக எங்கள் ஊரில் அந்த இடம் பெரும்பாலும் எனக்கே வந்து சேர்கிறது. மற்றவர்கள் தவிர்ப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் நடுவே இருக்கும் தினசரிச் சந்தையைப் புறவழிச்சாலைப் பக்கம் மாற்றுவது பற்றிய கூட்டம். குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தன. பேச வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். மாற்றுவது நல்லது என்பது அவர் கட்சி. சந்தை வியாபாரிகள் கணிசமாக வந்து, மேடைக்கு இடதுபக்கம், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தை ஒட்டி நின்றார்கள். உட்காரவில்லை. நாற்காலி காலியாக இருந்தும் நிற்கிற கூட்டம் ஏதோ சொல்லப்போகிற கூட்டம்.

கூட்டத்தைக் கையில் வைத்திருப்பது மைக் முன்னால் தொடங்குவதில்லை. அன்று ஒரு மணி நேரம் முன்பே போய் மைக்செட்காரரிடம் பேசினேன். ஆம்ப்ளிஃபயரை விட்டு நகரக்கூடாது, நான் கேட்காமல் ஒலியைக் கூட்டக்கூடாது, கேள்வி நேரத்துக்கான இரண்டாவது மைக்கை நான் கை காட்டும்வரை திறக்கக்கூடாது என்று சொன்னேன். சத்தம் எழுந்தால் ஒலியைக் கூட்டத் தோன்றுவது இயல்பு. கூட்டினால் கூம்பிலிருந்து வரும் ஒலி திரும்பவும் மைக்கில் நுழைந்து ‘கூ’வென்று ஊளையிடும். அந்த ஊளைக்கு விழும் சிரிப்பு கூச்சல் போடுகிறவருக்குக் கிடைக்கிற இலவசக் கைதட்டல். பிறகு தெருக்கோடிவரை நடந்து கடைசிக் கூம்புக்குக் கீழே நின்று கேட்டேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நூறு மீட்டர் தள்ளி விளக்குக் கம்பத்தில் கட்டிய கூம்பின் ஒலி மேடையிலிருப்பவர் காதுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக வந்து சேரும். தன் குரலே பின்னாலிருந்து வந்து இடிக்கும்போது, பழகாதவர் தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டுவார், குரலை உயர்த்துவார். கீழே நிற்பவர்களுக்கு அது பயம் என்றே கேட்கும்.

அடுத்தது பேச்சாளரோடு ஒரு பேச்சு. “ஐயா, எத்தனை நிமிஷம் பேசுவீங்க? முடிச்சதும் கேள்வி வாங்கலாமா?” என்று கேட்டேன். அரை மணி நேரம், பிறகு எத்தனை கேள்வி வந்தாலும் சரி என்றார். மைக்கில் நான் கொடுக்கப்போகிற வாக்கு அவருடையது என்பதால் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேள்வி நேரம் உண்டென்று நானாகச் சொல்லி, அவர் கடைசியில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்த மேடையில் யார் அப்படிச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அறிமுகத்தை இரண்டாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று இரண்டு நிமிடத்துக்கு, இன்னொன்று அரை நிமிடத்துக்கு. நம் மேடை வழக்கத்தில் பெயரைக் கடைசிவரை ஒளித்து வைப்போம். புகழை அடுக்கிக்கொண்டே போய், “அவர்தான்...” என்று இழுத்து, பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோம். அமைதியான அரங்கில் அது அழகு. எதிர்ப்பு இருக்கிற இடத்தில் ஒவ்வொரு அடைமொழியும் ஒரு ஊளைக்கு வாசல் திறக்கிறது. ‘மக்கள் நலனே மூச்சாக’ என்று நான் சொன்னால், யாருடைய மக்கள் என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். கேட்டால் அது நியாயமும்கூட. எனவே முதல் வாக்கியத்திலேயே பெயர், செய்த வேலை, பேசப்போகும் விஷயம். ‘குடிநீர்க் குழாய், வடிகால் வேலைகளில் இருந்து ஓய்வுபெற்றவர்’ என்பதைப் பார்த்து யாரும் ஊளையிட முடியாது. அது தகவல். அவர் என்ன கருத்துச் சொல்வார் என்பதை அறிமுகக்காரர் சொல்லவே கூடாது. சொன்னால், பேச்சாளர் வாய் திறப்பதற்கு முன்பே எதிர்ப்பாளருக்குப் பதில் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்ததாகிவிடும்.

பெயரைச் சொன்னதும் இடதுபக்கத்திலிருந்து சத்தம் வந்தது. எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. “பின்னாடி கேக்கலை” என்று ஒருவர். அது எதிர்ப்பே அல்ல, குறை. மைக்செட்காரருக்குக் கை காட்டி, “இப்ப கேக்குதாண்ணே?” என்று கேட்டுச் சரிசெய்தேன். பதட்டத்தில் இருப்பவர் இதையும் கலகம் என்று எடுத்துக்கொள்வார். அடுத்து, தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர், “காய் ஏத்தி எறக்க வண்டி வாடகை யார் குடுப்பா?” என்றார். அது கேள்வி, நல்ல கேள்வி. மூன்றாவது, கடைசியில் நின்ற ஓர் இளைஞர் நான் வாய் திறக்கும்போதெல்லாம் அடித்த விசில். அதற்குப் பொருள் கிடையாது. அதற்குப் பதிலும் கிடையாது.

மேடையில் நிற்பவர் மறந்துபோகிற ஒன்று உண்டு. முன்வரிசையை ஒட்டி ஒருவர் கத்துவது மேடைக்கு நன்றாகக் கேட்கும். பாதிக் கூட்டத்துக்குக் கேட்கவே கேட்காது. அவரிடம் மைக் இல்லை. நான் மைக்கில் பதில் சொன்ன கணத்தில்தான் அவர் இருக்கிறார் என்பதே தெருக்கோடிக்குத் தெரிகிறது. அத்தனை தலையும் திரும்புகிறது. என் மைக்கை நானே அவருக்குக் கொடுத்ததாக ஆகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சத்தம் எத்தனை பேருக்குக் கேட்டது என்பதை. சுற்றியுள்ள பத்துப் பதினைந்து தலைகள் மட்டும் திரும்பினால் விட்டுவிடலாம். கூட்டமே திரும்பினால் ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

பெரியவர் கேள்விக்குக் கூட்டமே திரும்பியது. “அண்ணே, வண்டி வாடகைதான் முதல் கேள்வி. எழுதிக்கிட்டேன். ஐயா அரை மணி நேரம் பேசுவாரு, அப்புறம் மைக் உங்க கைக்கு வரும்” என்று சொல்லி, அவர் பார்க்கும்படி தாளில் எழுதினேன். எழுதுவதுபோல் நடிக்கவில்லை, கீழே இருப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். விசில் அடித்தவர் பக்கம் பார்வையைக்கூடத் திருப்பவில்லை. அதே சந்தையில் கடை வைத்திருக்கும், அவருக்குத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லி முன்பே கேட்டிருந்தோம். நிற்பது மட்டும்தான் அவர் வேலை, அதட்டக்கூடாது. “ஏய், உக்காரு!” என்று தொண்டர்கள் போடும் கூச்சல்தான் பல கூட்டங்களில் கலகக்காரர் போடும் கூச்சலைவிடப் பெரிது.

மௌனம் காத்தால் கூட்டம் அடங்கும் என்று சொல்வார்கள். மண்டபத்துக்குள் அது பலிக்கும். திறந்த வெளியில், மேடை தெரியாத தூரத்தில் நிற்பவர்களுக்கு மௌனம் என்றால் மைக் போய்விட்டது என்று பொருள். ஐந்து நொடி மௌனத்துக்குள் ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கிவிடுவார்கள். எனக்குப் பயன்பட்டது வேறு. கூச்சல் எப்போதும் வாக்கியம் முடிகிற இடத்தில்தான் நுழையும். ஆகையால் மூச்சை வாக்கியத்தின் நடுவில் வாங்க வேண்டும், முடிவில் அல்ல. தமிழில் இதற்கு வசதி இருக்கிறது. வினைமுற்று கடைசியில் வருவதால், “நம்ம ஊர்ச் சந்தையை நேத்து காலையில நேர்ல வந்து, ஒவ்வொரு கடையா நடந்து...” என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருந்தே ஆகவேண்டும். ‘பார்த்தவர்’ என்று முடித்த அதே மூச்சில் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட வேண்டும். மைக்கை நெருங்கி, குரலை இறக்கிப் பேசினால், இரைச்சலுக்கு மேலாக அல்ல, இரைச்சலுக்கு அடியில் குரல் போகும். இரண்டு நிமிட அறிமுகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அரை நிமிடத்ததைச் சொன்னேன்.

நகைச்சுவையான பதிலடி பற்றியும் சொல்ல வேண்டும். நம் மேடைகள் அதை மிகவும் விரும்புகின்றன. குறுக்கே பேசியவரை ஒரே வரியில் மடக்கியவர்களின் கதைகளைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். பேச்சாளருக்கு அது உதவலாம். மடக்கிய பிறகு சூட்டைத் தணிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது. அறிமுகக்காரருக்கு அந்த நேரம் இல்லை. நண்பர்கள் முன்னால் அவமானப்பட்டவர் தன் மானத்தை மீட்கப் பதில் சொல்லியே தீருவார். அந்தப் பதில் வந்து சேரும்போது மைக் முன்னால் நிற்பது நானாக இருக்காது, அந்தப் பொறியாளராக இருப்பார். நான் வாங்கிய கைதட்டலுக்கு அவர் விலை கொடுப்பார். அன்று விசிலுக்கு நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. நல்ல பதில்தான், இன்றும் நினைவிருக்கிறது. விழுங்கிவிட்டேன்.

மேடையே கூட்டத்தைக் குலைப்பதும் உண்டு. 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக அடிக்கல் நாட்டு விழாவையொட்டிய கூட்டத்தில் காந்தி பேசினார். தலைமை தர்பங்கா மகாராஜா. நகைகள் அணிந்து வந்திருந்த மன்னர்களைப் பற்றியும் வெடிகுண்டுகளைப் பற்றியும் அவர் பேசப் பேச, நிறுத்துங்கள் என்று குறுக்கிட்டவர் கீழே இருந்த ஒருவரல்ல, மேடையில் இருந்த அன்னி பெசன்ட். காந்தி தலைவர் பக்கம் திரும்பி, உத்தரவிட்டால் நிறுத்துகிறேன் என்றார். கூட்டத்தினர் தொடருங்கள் என்று குரல் கொடுத்தார்கள். தலைவரோ உங்கள் நோக்கத்தை விளக்குங்கள் என்றார். நிறுத்தவும் இல்லை, காக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேடையில் இருந்தவர்கள் எழுந்து போக, பேச்சு பாதியில் நின்றது. காந்தி சொன்னது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்த நடுவாந்தரமான பதில்தான் என் மனதில் நிற்கிறது. அழைத்து வந்தவரைப் பேச விடுவதா வேண்டாமா என்று, அவர் பேசத் தொடங்கிய பிறகு யோசிக்க முடியாது.

இந்த முறைகள் எல்லாம் பயன்படாத இடமும் இருக்கிறது. சத்தம் ஓரிடத்திலிருந்து வெவ்வேறு சொற்களில் வந்தால் அது கோபம். மூன்று நான்கு இடங்களிலிருந்து ஒரே வாசகம் தாளத்தோடு வந்தால் அது ஏற்பாடு. அறிமுகத்தால் அதை அடக்க முடியாது. முன்வரிசைப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழத் தொடங்கினால், தலைவரிடம் குனிந்து கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதுதான் வேலை. மைக்கில் போலீஸ் என்ற சொல்லை உச்சரிப்பதால் பயந்துபோவது அந்தப் பெண்கள்தான், வாசகம் போடுகிறவர்கள் அல்ல.

அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. முழு அமைதியும் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிழைப்புப் போகுமோ என்று நிற்பவர்களிடம் ஒரு பொறியாளரின் படிப்பைக் காட்டி வாயை மூடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது, அவர் சொல்வது கேட்கும் அளவுக்கு இடைவெளி மட்டுமே. மைக்கை ஒப்படைத்ததும் என் நாற்காலிக்குப் போகாமல் கீழே இறங்கி இடதுபக்கம் போய் நின்றேன். பேச்சு முப்பத்தைந்து நிமிடம் நீண்டது. முடிந்ததும் கை காட்டினேன், இரண்டாவது மைக் திறந்தது, முதலில் பெரியவர் கைக்குப் போனது. வண்டி வாடகையைப் பற்றிப் பொறியாளர் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதையும், ஏன் என்பதையும், மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாகும் என்ற கணக்கோடு மைக்கிலேயே சொன்னார். பொறியாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தக் கணக்கைக் குறித்துக்கொண்டு, மூட்டை எத்தனை கிலோ என்று திருப்பிக் கேட்டார்.