எரிச்சலில் எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது

பக்கத்து மேசைக்காரர் ஸ்பீக்கரில் போட்டுப் போன் பேசுகிறார். கணக்குச் சரிபார்க்கும் ஊழியருக்குத் தாங்கவில்லை. தோழிக்கு வாட்ஸ்அப்பில் கொட்டுகிறார்: “இந்த ஆளுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? டெய்லி ஸ்பீக்கர்ல கத்துறாரு. வேணும்னே பண்றாரு. காலையிலேயே ரெண்டு தடவை டோட்டல் தப்பாப் போச்சு.” பிறகு அதே மனிதருக்கு “சார், ஒரு வேண்டுகோள்” என்று பணிவாக எழுதினால், அது நாகரிகமா, நடிப்பா?

கொட்டியதைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஸ்பீக்கரில் பேசியதும் கூட்டல் தவறியதும் நடந்தவை. அறிவில்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்பவை ஊகங்கள். அந்த ஊகங்கள் பொய்யாகவும் இருக்கலாம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் எடுத்துச் சொன்னார். சத்தமாகப் பேசுகிறவருக்குத் தம் குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது பல நேரம் தெரிவதே இல்லை. ஆகவே ஊகத்தை நீக்குவது உண்மையை மறைப்பதாகாது. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகும்.

மிஞ்சியதை இப்படி எழுதலாம்: “சார், காலை 10 முதல் 11 வரை நான் கணக்கு டேலி பண்ற நேரம். பக்கத்துல ஸ்பீக்கர்ல பேச்சு கேட்டா நம்பர் தவறிடுது. இன்னைக்கு ரெண்டு தடவை திரும்பக் கூட்ட வேண்டியதாப் போச்சு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஹெட்செட்ல பேச முடியுமா? வேற நேரம் வசதின்னா சொல்லுங்க, நானும் மாத்திக்கிறேன்.”

இதில் பாதிப்பு குறையாமல் இருக்கிறது, கேட்பது என்ன என்பதும் தெளிவாக இருக்கிறது. “தப்பா நினைக்காதீங்க, முடிஞ்சா கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று எழுதியிருந்தால் எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே புரியாது. அது மரியாதை அல்ல, பயம். “எல்லாருக்குமே தொந்தரவா இருக்கு” என்று சேர்ப்பதும் தவறு. கேட்காதவர்களின் பெயரால் ஒருவரை மிரட்டுவது அது. இதையே டீம் குரூப்பில் போட்டால், வேண்டுகோள் அவமானமாகிவிடும்.

தோழியிடம் புலம்புவது குற்றமல்ல. ஆனால் புலம்பல் அங்கேயே நின்றுபோனால், ஒருவரின் குறை ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க, திருத்திக்கொள்ள வேண்டிய அவருக்கு மட்டும் தெரியாமல் போகிறது. அநீதி அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லியும் அவர் பொருட்படுத்தாவிட்டால், பணிவு என்ற பெயரில் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மேலாளரிடம் போகலாம். அப்போதும் சொல்ல வேண்டியவை அதே நேரம், அதே ஸ்பீக்கர், அதே தவறிய கூட்டல்தான். போவதற்கு முன் அவரிடமே, “மேலாளரிடம் பேசப் போகிறேன்” என்று சொல்லிவிட வேண்டும்.